கசிந்த பாஸ்வேர்டு: எச்சரிக்கையை அழித்தால் போதாது

பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா போன் செய்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும். எப்போதோ புத்தகம் வாங்கிய ஒரு தளத்துக்குள் அன்று நுழைந்திருக்கிறார். உடனே குரோம் பிரவுசர் ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறது. நீங்கள் இப்போது பயன்படுத்திய பாஸ்வேர்டு ஒரு தகவல் கசிவில் காணப்பட்டது, அதை மாற்றுங்கள் என்று அதில் இருந்ததாம். அவருக்கு அன்று தூக்கமில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் போன். இம்முறை குரலில் நிம்மதி. "ஏம்மா, அந்தச் செய்தி போயிட்டு. சேமிச்சு வச்சிருந்த பாஸ்வேர்டையே அழிச்சிட்டேன்."

எச்சரிக்கை போய்விட்டது என்பது உண்மைதான். ஆபத்து இருந்த இடத்திலேயே இருந்தது. பிரவுசர் சேமித்து வைத்திருப்பது சாவியின் நகல் மட்டும். பூட்டு அந்தத் தளத்தின் சர்வரில் இருக்கிறது. நகலைத் தூக்கிப் போட்டால் பிரவுசருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, அதனால் எச்சரிக்கவும் ஒன்றும் இல்லை. திருடன் கையில் இருக்கும் சாவி அதே பூட்டை இன்னும் திறக்கும். சிலர் இன்னொன்று செய்கிறார்கள்: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டைத் திருத்தி, புதிதாக ஒன்றை எழுதி வைத்துவிட்டு, மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதிலும் பூட்டு மாறுவதில்லை. அடுத்த முறை அவர்களால்தான் உள்ளே போக முடியாது.

அந்த வார இறுதியில் சித்தப்பா வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தச் செய்தியைப் பார்க்கும் எல்லோரும் கேட்பது: "அந்தப் புத்தகக் கடைக்காரன் கோட்டை விட்டுட்டானா?"

பெரும்பாலும் அப்படி இருக்காது. அந்த எச்சரிக்கை எந்தத் தளத்தில் தோன்றுகிறதோ அந்தத் தளம்தான் உடைக்கப்பட்டது என்று அது சொல்லவில்லை. நீங்கள் தட்டிய பாஸ்வேர்டு, உலகில் எங்கோ ஒரு தளத்திலிருந்து திருடப்பட்டுக் கைமாறிக்கொண்டிருக்கும் பட்டியலில் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. எந்தத் தளத்திலிருந்து, எந்த ஆண்டு என்பது பல சமயம் குரோமுக்கே தெரியாது. பல திருட்டுகளின் மூட்டைகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்த பட்டியல்கள் அவை.

அந்த மூட்டைகள் எப்படி உருவாகின்றன என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 2012 ஜூனில், லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடிய சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டுகளின் பட்டியல் இணையத்தில் வெளியானது. அவை பாஸ்வேர்டுகளாகவே இருக்கவில்லை. ஒவ்வொன்றின் கைரேகைதான் இருந்தது. பொறுப்பான தளங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வெளிவரும் எழுத்துக்கோவையை மட்டும் வைத்துக்கொள்ளும். இதைத் தொழில்நுட்பக்காரர்கள் ஹாஷ் என்கிறார்கள். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதது போல, ஹாஷிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆனால் ஊகிக்கலாம். ஒரே பாஸ்வேர்டை எத்தனை முறை அரைத்தாலும் அதே ஹாஷ்தான் வரும். எனவே திருடர்கள் ஊர்ப் பெயர், குழந்தை பெயர், பிறந்த ஆண்டு, அகராதிச் சொல் என்று கோடிக்கணக்கில் ஊகங்களைத் தாங்களே அரைத்து, எது பட்டியலோடு பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். லிங்க்ட்இன் அன்று பயன்படுத்திய முறை மிக வேகமாக அரைக்கக்கூடியது. ஆளுக்கு ஆள் வேறுபடும்படி சேர்க்கும் கூட்டுப்பொருளையும் அதில் சேர்க்கவில்லை. இதனால் ஊகிப்பவர்களுக்கு வேலை எளிதாகிவிட்டது.

அதே ஆண்டு ஜூலையில், டிராப்பாக்ஸ் கணக்குக்காக மட்டும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தவர்களுக்கு அந்த முகவரியில் குப்பை விளம்பரங்கள் வரத் தொடங்கின. விசாரித்ததில், தங்கள் ஊழியர் ஒருவரின் கணக்கே திருடப்பட்ட பாஸ்வேர்டால் திறக்கப்பட்டது என்று நிறுவனம் சொன்னது. வேறு தளங்களிலிருந்து திருடிய பாஸ்வேர்டுகளை இங்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் இரண்டின் முழு அளவும் தெரிந்தது. லிங்க்ட்இன் பட்டியலில் சுமார் 11.7 கோடிப் பேரின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டு ஹாஷும் விற்பனைக்கு வந்தன. டிராப்பாக்ஸ் பக்கம் 6.8 கோடிக் கணக்குகள். இரண்டு திருட்டுக்காகவும் ரஷ்யாவைச் சேர்ந்த யெவ்கெனி நிகூலின் என்பவருக்கு 2020இல் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றம் 88 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இந்தக் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னதற்குக் காரணம் அந்த நான்கு ஆண்டு இடைவெளி. "அந்தப் பக்கம் போயே பத்து வருஷம் ஆகுதே" என்று அவர் சொன்ன ஆறுதல் இங்கே செல்லாது. திருட்டு நடந்த தேதி வேறு, பட்டியல் வெளியில் வந்த தேதி வேறு, உங்கள் பிரவுசர் கவனித்த தேதி வேறு.

அப்போது அவருக்கு இன்னொரு சந்தேகம், சரியான சந்தேகம். தன் பாஸ்வேர்டு அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று குரோமுக்கு எப்படித் தெரியும்? கூகுளுக்கு அனுப்பிப் பார்த்ததா? அப்படியானால் அதுவே ஒரு கசிவு இல்லையா?

இதற்கு மிக அழகான ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் 2013 முதல் நடத்திவரும் Have I Been Pwned சேவையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உலகின் மிக மோசமான பாஸ்வேர்டுகளில் ஒன்றான `password` என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதை SHA-1 என்ற முறையில் அரைத்தால் வருவது இது:

```
5BAA61E4C9B93F3F0682250B6CF8331B7EE68FD8
```

இதில் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும், அதாவது `5BAA6` என்பதை மட்டும் சர்வரிடம் அனுப்புகிறோம். அந்த ஐந்தெழுத்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையையும் சர்வர் திருப்பி அனுப்புகிறது. ஏராளமான வரிகள் வரும். நம்முடையது அவற்றில் இருக்கிறதா என்று நம் கணினியே தேடிக்கொள்கிறது. `1E4C9` என்று தொடங்கும் மிச்சப் பகுதி அந்த வரிகளில் இருக்கும், பக்கத்தில் அது எத்தனை முறை கசிந்தது என்ற எண்ணிக்கையோடு. எதைத் தேடினோம் என்பது சர்வருக்குத் தெரியாது. ரேஷன் கடையில் என் பெயரைச் சொல்லாமல், "இந்தத் தெருவில் இருப்பவர்கள் எல்லோருடைய பெயர்ப் பட்டியலையும் கொடுங்கள்" என்று வாங்கிவந்து வீட்டில் வைத்து என் பெயரைத் தேடுவது போல. குரோம் கையாளும் முறையில் இன்னும் இரண்டு பூட்டுகள் அதிகம். ஆனால் முழு பாஸ்வேர்டும் வீட்டை விட்டுப் போவதில்லை என்ற அடிப்படை ஒன்றுதான்.

எல்லா எச்சரிக்கையும் ஒரே பொருளைச் சொல்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குரோம் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஜோடியாக ஒப்பிடுகிறது. அது எச்சரித்தால், உங்கள் பெயரோடு சேர்ந்தே அந்தப் பாஸ்வேர்டு கசிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐபோன் பாஸ்வேர்டை மட்டும் ஒப்பிடுகிறது. உங்களைப் போலவே யோசித்த வேறு யாரோ ஒருவரிடமிருந்து அது கசிந்திருந்தாலும் எச்சரிக்கும். அப்போதும் மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் ஊகப் பட்டியலில் அது ஏறிவிட்டது. ஆன்டிவைரஸ்கள் அனுப்பும் எச்சரிக்கை பல சமயம் இந்த இரண்டும் இல்லை. உங்கள் மின்னஞ்சல் முகவரி ஒரு கசிவில் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது. உங்கள் இப்போதைய பாஸ்வேர்டை அது பார்த்ததே இல்லை.

இனி சித்தப்பாவின் கணினி. முகவரிப் பட்டியில் `chrome://password-manager/checkup` என்று தட்டினேன். சேமித்த 31 கணக்குகளைச் சோதித்துவிட்டு மூன்று குவியலாகப் பிரித்துக் காட்டியது. கசிந்தவை 4, ஒரே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவை 17, எளிதில் ஊகிக்கக்கூடியவை 9. ஒரே கணக்கு இரண்டு குவியலிலும் வரலாம். சித்தப்பா அந்த நான்கைப் பார்த்துவிட்டு, "நாலுதானே, இப்பவே மாத்திடலாம்" என்றார்.

நான்கில் நிற்க முடியாது. நான்கிலும் பயனர் பெயர் அவருடைய மின்னஞ்சல், பாஸ்வேர்டு `Nellai@1958` என்ற பாணியில் ஊரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த ஒன்று. இரண்டாவது குவியலைத் திறந்தால், அதே பாஸ்வேர்டு இன்னும் ஒன்பது இடங்களில். அவற்றைக் குரோம் ஏன் கசிந்தவையாகக் காட்டவில்லை? அங்கெல்லாம் அவர் மின்னஞ்சலுக்குப் பதில் கைபேசி எண்ணையோ வாடிக்கையாளர் எண்ணையோ கொடுத்திருந்தார். ஜோடி பொருந்தவில்லை, அதனால் எச்சரிக்கை இல்லை. ஆனால் கசியும் பட்டியல்களில் மின்னஞ்சலுக்குப் பக்கத்திலேயே கைபேசி எண்ணும் இருப்பது சாதாரணம். திருடனுக்கு அதை ஒட்டிப் பார்க்க ஒரு நொடி போதும். மீதிக் கணக்குகளில் இருந்தவை `Nellai@58`, `Nellai@1958!` என்ற அண்ணன் தம்பிகள். பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்கள் கடைசியில் ஒரு எண்ணைச் சேர்த்தும் ஒரு குறியைச் சேர்த்தும் முயல்வார்கள். மனிதர்கள் பாஸ்வேர்டை எப்படி மாற்றுவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த வேலையை யாரும் உட்கார்ந்து கையால் செய்வதில்லை. பட்டியலைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான தளங்களில் தானாகவே போட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2023இல் அமெரிக்க மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் இப்படித்தான் சுமார் 14,000 கணக்குகள் திறக்கப்பட்டன. உறவினரைத் தேடும் வசதி அங்கே இருந்ததால், அந்தக் கணக்குகள் வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டன. அத்தனைக்கும் தொடக்கம் வேறெங்கோ கசிந்த, மாற்றப்படாத பாஸ்வேர்டுகள்.

எனவே மாற்ற வேண்டியது எச்சரிக்கை வந்த தளத்தை அல்ல, அந்தப் பாஸ்வேர்டின் முழுக் குடும்பத்தையும். அதில் முதலில் மின்னஞ்சல். சித்தப்பா வங்கியிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். நான் மறுத்தேன். பெரும்பாலான தளங்களில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் புதிய சாவி வந்து சேரும் இடம் மின்னஞ்சல்தான். அது திருடன் கையில் இருந்தால், மற்ற இடங்களில் நீங்கள் மாற்றுவதையெல்லாம் அவன் மறுபடி மாற்றிக்கொள்ள முடியும்.

மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு, ஏற்கெனவே யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா என்றும் பார்த்தோம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் உண்டு. அதில் அவருடைய பழைய போன் ஒன்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பேரனுக்குக் கொடுத்தது. அதை வெளியேற்றினோம். கணக்கை மீட்பதற்கான கைபேசி எண் அவருடையதுதானா என்று சரிபார்த்தோம். கடைசியாக, ஜிமெயில் அமைப்புகளில் `Forwarding and POP/IMAP`, `Filters and Blocked Addresses` என்ற இரண்டு பகுதிகள். பெரும்பாலோர் இவற்றைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்தவன் உங்கள் கடிதங்களின் நகல் தனக்கும் வரும்படி இங்கே ஒரு வரி எழுதிவிட்டுப் போனால், பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் நகல் போய்க்கொண்டே இருக்கும். சித்தப்பாவின் பக்கத்தில் இரண்டும் காலியாக இருந்தன. பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். இனி பாஸ்வேர்டு தெரிந்தாலும் அவருடைய போன் கையில் இல்லாமல் புதிய இடத்திலிருந்து நுழைய முடியாது.

அடுத்துப் பணம் சம்பந்தப்பட்டவை. வங்கி, அப்புறம் கார்டு விவரம் சேமித்திருக்கும் கடைகள். அதன் பின் சமூக ஊடகம். மிச்சமெல்லாம் அடுத்தடுத்த நாட்களில். இனி தேவையே இல்லை என்று தோன்றிய பழைய கணக்குகளை மாற்றவில்லை, அந்தந்தத் தளத்துக்குப் போய்க் கணக்கையே மூடினோம்.

ஒவ்வொரு தளத்திலும் செய்தது ஒரே வரிசை. முதலில் அந்தத் தளத்துக்குள் போய், அங்கே இருக்கும் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தில் மாற்றுவது. புதிய பாஸ்வேர்டைப் பிரவுசரே பரிந்துரைக்கும்; பொருளே இல்லாத, நீளமான எழுத்துக்குவியல். அதை ஏற்றுக்கொள்வது. பின் சேமித்ததைப் புதுப்பிக்கவா என்று பிரவுசர் கேட்கும்போது சரி என்பது. இந்தக் கடைசிக் கேள்வியைச் சித்தப்பா இரண்டு இடத்தில் மூடிவிட்டார். தளத்தில் மாறியது, பிரவுசரில் பழையதே இருந்தது, எச்சரிக்கையும் தொடர்ந்தது. மாற்றிய பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்று நிறையப் பேர் குழம்புவது இதனால்தான்.

மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது மின்னஞ்சல் பாஸ்வேர்டு ஒன்றுதான். அதற்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைத் தற்செயலாகப் பொறுக்கச் சொன்னேன். பழமொழி கூடாது, பாட்டு வரி கூடாது, திருக்குறள் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த வரிசை ஊகிப்பவனுக்கும் தெரியும். வீட்டு அலமாரியில் கண்ணில் பட்ட பொருள்களை வைத்து அவரே ஒன்று அமைத்தார். ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமா என்று தயங்கிக் கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்பதே என் கருத்து. அவர் பீரோவைத் திறக்கக்கூடியவர்கள் உலகில் நாலைந்து பேர். கசிந்த பட்டியலைத் திறக்கக்கூடியவர்களுக்குக் கணக்கே இல்லை.

இத்தனையும் பொருந்தாத ஒரு நிலை உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரவுசரே உருவாக்கிய, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு ஒன்று கசிந்ததாக எச்சரிக்கை வந்தால் நிறுத்தி யோசியுங்கள். அந்தத் தளம் ஒன்று உடைபட்டிருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல பாஸ்வேர்டுகள் ஒரே சமயத்தில் கசிந்ததாக வந்தால், கசிவு தளங்களில் இல்லை, உங்கள் கணினியிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். பிரவுசரில் சேமித்ததையெல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் திருட்டு மென்பொருள்கள் இருக்கின்றன. ரெட்லைன், லூமா என்பவை பெயர்பெற்றவை. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் பதிப்பையோ, விளையாட்டில் ஜெயிக்கக் குறுக்குவழி தரும் நிரலையோ இறக்கும்போது இவை கூடவே வரும். அந்தக் கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் அவர்களுக்கே போகும். முதலில் வேறொரு சுத்தமான கருவியில், உதாரணமாக உங்கள் போனில், மின்னஞ்சலை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். இந்த மென்பொருள்கள் பாஸ்வேர்டோடு, ஏற்கெனவே உள்ளே இருப்பதற்கான அனுமதிச்சீட்டையும் திருடுகின்றன, வெளியேற்றினால்தான் அது செல்லாமல் போகும். கணினியில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்ட பிறகே அதில் மற்றவற்றைத் தொடுங்கள்.

உண்மையான எச்சரிக்கையைப் போல வேஷம் போடும் போலிகளும் உண்டு. திரை முழுவதும் சிவப்பாகி, ஒலி எழுப்பி, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று சொன்னால் அது போலி. பிரவுசரின் எச்சரிக்கையில் போன் எண் இருக்காது, பணம் கேட்காது, உங்கள் பாஸ்வேர்டைத் தட்டிக் காட்டச் சொல்லாது. மின்னஞ்சலில் வந்த எச்சரிக்கை உண்மையா என்று தெரியாவிட்டால் அதிலுள்ள இணைப்பை அழுத்த வேண்டாம். பிரவுசரில் முகவரியை நீங்களே தட்டி அந்தச் சோதனைப் பக்கத்துக்குப் போங்கள். உண்மையானால் அங்கேயும் இருக்கும். பணம் ஏற்கெனவே போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணை அழைத்து உடனே புகார் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும்.

சித்தப்பாவின் 31 கணக்குகள் மூன்று வாரத்தில் 22 ஆயின. ஒன்பதை மூடிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவருடைய ஆன்டிவைரஸிலிருந்து ஒரு அறிவிப்பு: உங்கள் மின்னஞ்சல் ஒரு கசிவில் காணப்பட்டது. இந்த முறை அவர் இரவில் அழைக்கவில்லை. மறுநாள் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். அறிவிப்பில் போட்டிருந்த கசிவின் ஆண்டைப் பார்த்தாராம், அது அவர் எல்லாவற்றையும் மாற்றியதற்கு வெகு முன்னால். அந்தத் தளத்தில் இருந்த கணக்கு அவர் மூடிய ஒன்பதில் ஒன்று. பழைய பாஸ்வேர்டு இன்னும் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று சோதனைப் பக்கத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார். கசிந்தவை என்ற இடத்தில் சுழியம் இருந்தது. "அதான் விட்டுட்டேன்" என்றார்.